மூன்று மணிக்கு அடையாறிலிருந்து அண்ணா நகர்: பள்ளி விடும் நேரத்திலும் பேரணி நாளிலும் எந்த வழி?

சென்னையைத் தெற்கிலிருந்து வடக்காகக் காரில் கடக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பைக்கில் போகிறவர்களுக்குப் பாதிதான் பொருந்தும். அவர்களுக்கு இடுக்கு கிடைத்தால் போதும், காருக்கு அது போதாது.

சென்னையில் தெருவுக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம் ஏன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே இடத்தில் போய் மாட்டுகிறோம்?

தெருக்கள் நிறைய, கடக்கும் இடங்கள் கொஞ்சம். தெற்கே அடையாறு ஆறு, நடுவில் கூவம், இரண்டுக்கும் குறுக்கே கடற்கரை–தாம்பரம் ரயில் பாதை. தெற்கிலிருந்து வடமேற்கே போகிற எந்தக் காரும் இந்த மூன்றையும் எங்கோ ஓரிடத்தில் தாண்டியே ஆக வேண்டும். அடையாறு ஆற்றுக்கு நகருக்குள் இருக்கும் முக்கியமான வழிகள் நான்குதான்: அடையாறு திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம், ஈக்காட்டுத்தாங்கல் பாலம். ரயில் பாதைக்கு கோடம்பாக்கம் மேம்பாலம், துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை, லயோலா கல்லூரிப் பக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர் என்று சில வாய்கள்.

ஆகையால் எந்தச் சாலையில் போகலாம் என்று யோசிப்பதைவிட, ஆற்றை எங்கே தாண்டுவது, தண்டவாளத்தை எங்கே தாண்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். இடையில் உள்ள தெருவை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பாலத்தை நெருங்கிய பிறகு மாற்ற முடியாது. இந்த ஊரில் யூ டர்ன் என்பதும் நாம் நினைத்த இடத்தில் கிடைப்பதில்லை, டிவைடர் நீண்டுகொண்டே போகும்.

ஸ்கூல் விடும் நெரிசல் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், எத்தனை மணிக்குக் கலையும்?

மணி அடிப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மூன்று மணிக்கு விடும் பள்ளி என்றால், வேன்களும் பெற்றோரின் கார்களும் இரண்டரைக்கே வந்து ஓரமாக நிற்கத் தொடங்கும். முதல் வரிசை ஓரத்தில், பிறகு வருகிறவர் அதன் பக்கத்திலேயே இரண்டாவது வரிசையில், இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு. இரண்டு தடம் உள்ள சாலை ஒரு தடமாகச் சுருங்கும்போது பிள்ளைகள் இன்னும் வகுப்பில்தான் இருப்பார்கள். மணி அடித்ததும் நடந்து கடக்கும் கூட்டம் மீதித் தடத்தையும் நிறுத்தும். அங்கிருந்து அரை மணி, முக்கால் மணிக்குள் எல்லாம் வடிந்து, சாலை ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும்.

சென்னையில் பள்ளிகள் ஒரே நேரத்தில் விடுவதில்லை. தனியார் பள்ளிகள் பலவும் இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள், அரசுப் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும் நான்கை ஒட்டி. எனவே இரண்டே காலுக்கு முன் மையப் பகுதியைத் தாண்டிவிடுங்கள், அல்லது நாலே காலுக்கு மேல் தாண்டுங்கள். நாலே காலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு நல்ல இடைவெளி உண்டு. அதற்குப் பிறகு அலுவலகக் கூட்டம் வந்துவிடும்.

மார்ச் மாதத்தில் மட்டும் கணக்கு மாறும். பிளஸ் டூ பொதுத் தேர்வு மதியம் 1.15க்கு முடியும். அந்த நாட்களில் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை தேர்வு மையங்கள் உள்ள தெருக்கள் மூன்று மணி போலவே இருக்கும். மதியத்தில் சாலை காலியாக இருக்கும் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள் அப்போதுதான் மாட்டுவார்கள்.

பேரணி, ஆர்ப்பாட்டம், ஊர்வலம்... ஓட்டுகிறவனுக்கு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஓரிடத்தில் நின்று கோஷம் போடும் ஆர்ப்பாட்டம் அந்த ஒரு தெருவையும் அதன் வாயில் உள்ள சிக்னலையும்தான் பாதிக்கும். சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலை, எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம், வள்ளுவர் கோட்டம், இந்த மூன்று பெயரில் ஒன்று செய்தியில் வந்தால் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரை விட்டு விலகினால் போதும். மெரினாவில் 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு போராட்டங்களுக்கு அனுமதி தருவதில்லை. அதனால் கடற்கரைச் சாலைக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

நகரும் பேரணி வேறு ரகம். தலை ஓரிடத்தில், வால் இன்னோரிடத்தில். நடுவில் குறுக்கிடும் எல்லாத் தெருவும் அடைபடும். 2019 டிசம்பர் 23ஆம் தேதி குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான திமுக கூட்டணிப் பேரணி எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைப் பக்கமிருந்து புதுப்பேட்டை வழியாக ராஜரத்தினம் ஸ்டேடியம் வரை போனது. வரைபடத்தில் பார்த்தால் சின்னத் தூரம்தான். ஆனால் அது கூவத்தின் எழும்பூர்ப் பாலங்களை ஒட்டிய பகுதி. அங்கே சாலையை மூடினால் கல்லூரிச் சாலைப் பாலம், எத்திராஜ் சாலைப் பாலம் இரண்டின் மேலும் சுமை ஏறும்.

இன்னொன்று, பள்ளி நெரிசல் மாதிரி பேரணி நெரிசல் அரை மணியில் வடியாது. கூட்டம் சேரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், கலையும்போது ஒரே நேரத்தில் கலையும். வெளியூரிலிருந்து வந்த வேன்கள் எங்கெங்கோ நின்றிருக்கும், எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். ஆட்கள் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் சாலை நிறைய நடந்து போவார்கள். "கூட்டம் முடிந்துவிட்டது" என்று செய்தி வந்ததும் அந்த வழியைப் பிடிப்பதுதான் மிக மோசமான நேரத்தில் போவது.

முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

சென்னை நகரக் காவல் சட்டம் 1888, பிரிவு 41ன்படி கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே பெரிய பேரணி எதுவும் திடீரென்று முளைப்பதில்லை. போக்குவரத்து மாற்றம் இருந்தால் போக்குவரத்துக் காவல் துறை தன் சமூக ஊடகப் பக்கங்களில் முதல் நாளே போடும், மறுநாள் காலை நாளிதழ்களிலும் வரும். அறிவிப்பில் எந்தச் சாலை மூடல் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். வண்டிகளை எங்கே திருப்பிவிடுகிறார்கள் என்ற வரியையும் படியுங்கள். மூடிய சாலையில் நெரிசல் இருக்காது, திருப்பிவிடப்பட்ட சாலையில்தான் இருக்கும்.

சில தேதிகள் நிலையானவை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள், ஆகஸ்ட் 7 கலைஞர் நினைவு நாள், டிசம்பர் 5 ஜெயலலிதா நினைவு நாள்: வாலாஜா சாலையும் காமராஜர் சாலையும். அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி: நந்தனம் சிலைப் பக்கம். ஏப்ரல் 14, டிசம்பர் 6 அம்பேத்கர் நாட்கள்: கிரீன்வேஸ் சாலையில் அவர் மணிமண்டபம். ஜனவரியில் குடியரசு தின ஒத்திகை நடக்கும் காலைகளில் கடற்கரைச் சாலை. இவற்றை ஒரு தடவை காலண்டரில் குறித்துவைத்தால் போதும்.

அறிவிப்பு எதுவும் கண்ணில் படவில்லையா? தெருவே சொல்லும். முதல் நாள் மாலை டிவைடரில் கொடி நடுகிறார்கள், சிக்னல் ஓரத்தில் இரும்புத் தடுப்புகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள் என்றால் மறுநாள் அங்கே ஏதோ இருக்கிறது.

கூகுள் மேப் அந்தச் சாலையைப் பச்சையாகக் காட்டுகிறது. போய்ப் பார்த்தால் தடுப்பு போட்டிருக்கிறார்கள். ஏன்?

மேப்புக்குச் சாலை தெரியாது, போன்களின் வேகம்தான் தெரியும். மூடிய சாலையில் வண்டி இல்லை, வண்டி இல்லையென்றால் போன் இல்லை. அப்போது அது பழைய நாட்களின் வழக்கத்தை வைத்துக் காட்டும். மூடியதாக யாராவது தெரிவித்தால்தான் அதற்குப் புரியும். அதனால் மற்ற எல்லாம் சிவப்பாக இருக்கும்போது நடுவில் ஒரே ஒரு சாலை மட்டும் பளிச்சென்று பச்சையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பள்ளி நெரிசலில் வேறு சிக்கல். மேப் இப்போதைய நிலையைக் காட்டும். நீங்கள் அங்கே போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். இரண்டு நாற்பதுக்குப் பச்சையாக இருந்த பள்ளித் தெரு மூன்றுக்கு நீங்கள் நுழையும்போது அடர்சிவப்பு. நேர்மாறாகவும் நடக்கும்: மூன்று இருபதுக்குச் சிவப்பாக இருப்பது நீங்கள் சேரும்போது வடிந்திருக்கும். புறப்படும் நேரத்தை மாற்றிப் பார்க்கும் வசதி மேப்பில் உண்டு. அதை ஒரு வழக்கமான செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிப் பார்த்தால் அந்தத் தெருவின் குணம் தெரியும்.

கூடவே, மேலே கார் படம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பைக் படத்தில் காட்டும் நேரம் காருக்குக் கனவு.

சரி, அடையாறு சிக்னலிலிருந்து அண்ணா நகர் ரவுண்டானாவுக்கு நாலரைக்குள் போக வேண்டும். பள்ளி நாள், ராஜரத்தினம் ஸ்டேடியத்தில் மதியம் ஒரு ஆர்ப்பாட்டமும் இருக்கிறது. எப்படிப் போவீர்கள்?

மூன்று வழி இருக்கிறது. கடக்கும் இடங்களை வைத்துப் பார்ப்போம்.

முதல் வழி நேர்வழி. திரு.வி.க. பாலம், மந்தைவெளி, மயிலாப்பூர், ராயப்பேட்டை, எழும்பூர், கீழ்ப்பாக்கம். மூன்றிலும் இதில்தான் பள்ளிகள் அதிகம், சாலைகளும் குறுகல். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்து ராயப்பேட்டை, மயிலாப்பூர்ப் பக்கம் ஒருவழிப் பாதைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு போனாலும், கூவத்தைத் தாண்ட வேண்டிய இடம் எழும்பூர். இன்று அங்கேதான் ஆர்ப்பாட்டம். ஆக, இந்த வழியை யோசிக்காமல் அடித்துவிடலாம்.

இரண்டாவது, நடுவழி. மத்திய கைலாஷ் தாண்டி காந்தி மண்டபம் சாலை, கோட்டூர்புரம் பாலம், நந்தனம், தி. நகர், வள்ளுவர் கோட்டம், லயோலா பக்கம் ரயில் பாதையைக் கடந்து நெல்சன் மாணிக்கம் சாலை, அமைந்தகரையில் கூவம், அண்ணா நகர். தூரம் குறைவு, ராஜரத்தினம் ஸ்டேடியத்திலிருந்து நன்றாக விலகியிருக்கிறது. ஆனால் மூன்று மணிக்குத் தி. நகரும் நுங்கம்பாக்கமும் பள்ளி வேன்களால் நிறைந்திருக்கும். நந்தனத்தில் தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை மேம்பாலச் சாலை வேலை 2024இல் தொடங்கியதிலிருந்து அண்ணா சாலையைக் குறுக்கே கடக்கும் ஏற்பாட்டையும் அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சுற்றுவழி. சர்தார் படேல் சாலையிலேயே நேராக கிண்டி, கத்திப்பாரா, அங்கிருந்து நூறடிச் சாலை: ஈக்காட்டுத்தாங்கல், அசோக் பில்லர், வடபழனி, கோயம்பேடு, திருமங்கலம். நான்கைந்து கிலோமீட்டர் கூடுதல். ஆனால் ஆறு, தண்டவாளம், கூவம் மூன்றையும் அகலமான சாலையில், நகரின் மையத்துக்கு வெளியே தாண்டுகிறோம். நூறடிச் சாலையில் பள்ளி வாசல்கள் நேரடியாகத் திறப்பது குறைவு. வடபழனியிலும் கோயம்பேட்டிலும் மேம்பாலம் இருக்கிறது.

இரண்டே முக்காலிலிருந்து மூன்று மணிக்குள் கிளம்பினால் நான் சுற்றுவழியில்தான் போவேன். மேப் நடுவழியை ஐந்து நிமிடம் குறைவாகக் காட்டினாலும் அந்த ஐந்து நிமிடத்தை நம்ப மாட்டேன். மூன்று மணிக்கு அது காட்டும் தி. நகர், மூன்றேகாலுக்கு நான் பார்க்கப்போகும் தி. நகர் இல்லை. மேப் நடுவில் வழியை மாற்றிக்கொண்டே இருந்தால் `Add stop` அழுத்தி அசோக் பில்லரை நடுவில் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு அது தொந்தரவு செய்யாது.

முடிவு எடுக்க வேண்டிய இடம் காந்தி மண்டபம் சாலைத் திருப்பம். அங்கே வரும்போது முன்னால் வண்டிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டால் ஒரு பக்கம் ஐஐடியும் ஆளுநர் மாளிகையும், இன்னொரு பக்கம் அண்ணா பல்கலைக்கழக வளாகம். அடுத்து விலக வழி சின்னமலைப் பக்கம்தான். ஆளுநர் மாளிகை முற்றுகை என்று யாராவது அறிவித்திருந்தால் ஊர்வலத்தைச் சைதாப்பேட்டை அல்லது சின்னமலையில்தான் பெரும்பாலும் நிறுத்துவார்கள். அந்த நாளில் சுற்றுவழி செத்தது. அப்போது கோட்டூர்புரம் பாலமே கதி.

அதே பயணத்தை நாலே காலுக்குத் தொடங்கினால் என் பதில் மாறும். பள்ளிக் கூட்டம் வடிந்திருக்கும், நடுவழி திறந்திருக்கும். சுற்றுவழியிலோ கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகங்கள் விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே முன்னால் அடைப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எதிர்த் திசையைப் பாருங்கள். எதிரே வர வேண்டிய வண்டிகள் வரவே இல்லை என்றால் முன்னால் இரண்டு பக்கமும் மூடியிருக்கிறார்கள். உடனே அடுத்த திருப்பத்தில் விலகுங்கள். எதிர்த் திசை வழக்கம்போல ஓடுகிறது, நம் பக்கம் மட்டும் நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் பள்ளியோ, பழுதாகி நின்ற வண்டியோ. பொறுத்தால் நகரும்.

மாநகரப் பேருந்தின் எண்ணையும் கவனியுங்கள். அண்ணா சாலையில் போக வேண்டிய பேருந்து ஏதோ ஒரு உள்தெருவிலிருந்து தலையை நீட்டினால், மேலே எங்கோ திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஆட்டோ திரும்புவதைப் பார்த்து மட்டும் பின்னால் போகாதீர்கள். அவர் நுழையும் இடத்தில் நம் கார் நுழையாது, நுழைந்தாலும் திரும்பாது.

மேம்பாலத்தில் ஏறிவிட்டால் சீக்கிரம் தாண்டிவிடலாம் அல்லவா?

அடுத்த முனை தெரிந்தால் ஏறலாம். பாலத்தின் மேல் திருப்பம் கிடையாது, இறங்கும் இடம் நின்றுவிட்டால் நடுவிலேயே நிற்க வேண்டியதுதான். ஜெமினி மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்த்தடத்தில் போனால் ஒரு சிக்னல் கூடுதல், ஆனால் நுங்கம்பாக்கம் பக்கமோ கதீட்ரல் சாலைப் பக்கமோ விலகிக்கொள்ளும் வாய்ப்பு கையில் இருக்கும். பேரணி நாளில் நான் கீழேதான் போவேன். சுரங்கப்பாதைக்கும் இதே கணக்கு. மழை பெய்தால் துரைசாமி சுரங்கப்பாதையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

ஒரே தெருவில் பள்ளியும் போராட்டமும் சேர்ந்து வருமா?

வரும், அதற்கென்றே அமைந்தது போல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை இருக்கிறது. அங்கே பள்ளியும் இருக்கிறது, மகளிர் கல்லூரியும் இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் உள்ள டிபிஐ வளாகமும் இருக்கிறது. ஆசிரியர்கள் போராட்டம் என்றால் டிபிஐதான். அதே சாலைதான் கூவத்தைக் கடந்து எழும்பூருக்கும் போகிறது. ஆசிரியர் சங்கங்கள் போராட்டம் அறிவித்த வாரத்தில் அந்தப் பாலத்தை மறந்துவிட்டு, ஸ்பர்டேங்க் சாலைப் பக்கமாகக் கூவத்தைத் தாண்டப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஒட்டிப் போனால் வழி கிடைக்குமே?

வேண்டாம். கூட்டம் ஆம்புலன்ஸுக்கு விலகும், உங்களுக்கு விலகாது. அது போனதும் விலகியவர்கள் திரும்ப நடுவுக்கு வருவார்கள், நீங்கள் அவர்களுக்கு நடுவில் இருப்பீர்கள். வழி விடாமல் மறித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஈ பிரிவில் அபராதம் 10,000 ரூபாய்.

நான் நெரிசலைத் தாண்டுகிறவன் இல்லை, என் பெண்ணைப் பள்ளியிலிருந்து கூப்பிட்டு வரப் போகிறவன். எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு. மணி அடித்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போங்கள், பள்ளி அனுமதித்தால். வாசலில் நிறுத்தாமல் இரண்டு தெரு தள்ளி, நீங்கள் வீடு திரும்ப வேண்டிய திசையைப் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து போய்க் கூட்டி வாருங்கள். வாசலில் காத்திருக்கும் காருக்கு உள்ளே போவது எளிது, வெளியே வருவதுதான் கஷ்டம். முன்னால் நிற்பவரின் பிள்ளை வரும்வரை உங்கள் பிள்ளையும் காரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பேரணி நாளில் எழும்பூரில் சாயங்கால ரயில். எத்தனை மணிக்குக் காரை எடுக்க வேண்டும்?

அன்று எழும்பூர் வரை காரை எடுக்காதீர்கள். தெற்கேயிருந்து வருகிறவர்கள் கிண்டியில் இறங்கிக்கொண்டு நீல வழி மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கே பச்சை வழிக்கு மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனிப் பக்கம் இருக்கிறவர்களுக்குப் பச்சை வழியே நேராகப் போகும், மாற வேண்டியதே இல்லை. பெட்டி அதிகம், வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால் வீட்டுக்குப் பக்கத்து மெட்ரோ நிலையம் வரை மட்டும் காரில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். பேரணி கலைகிற நேரத்தில் மெட்ரோவிலும் கூட்டம் இருக்கும், பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு ரயிலை விட்டு அடுத்ததில் ஏற வேண்டியிருக்கலாம். அதற்கு அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.